எதிர்பார்க்கப்படும் இலாபமா, வாராக்கடன் கழித்த வருவாயா?

போன வாரம் திருகோணமலை உவர்மலையில் இருந்து ஓர் அக்கா ஒரு தாளோடு என்னிடம் வந்தார். அவருடைய மகன் லண்டனில் வேலை செய்கிறான். முன்பின் தெரியாத பலருக்கு இணையத்தளம் வழியாகச் சின்னச் சின்னக் கடன் கொடுத்து வட்டி வாங்கும் திட்டம் ஒன்றில் தன் சேமிப்பைப் போட யோசிக்கிறான். அம்மாவும் வாசித்துப் பார்க்கட்டும் என்று, யாரோ தமிழில் பெயர்த்த விளக்கத்தை அனுப்பியிருக்கிறான். தாளின் நடுவில் மூன்று வரி:

வட்டி வீதம் 18%.
இயல்புநிலை வீதம் 7%.
எதிர்பார்க்கப்படும் இலாபம் 9.7%.

அக்கா கேட்டார்: “சேர், வட்டி பதினெட்டு எண்டு போட்டிருக்கு. பிறகு ஏன் ஒன்பதே முக்கால்தான் எதிர்பார்க்கிறாங்க? மிச்சத்த அந்தக் கொம்பனிக்காரர் எடுக்கிறாங்களா?”

தாளை எழுதியவர் சொல்ல வந்தது அதுவல்ல. ஆனால் அந்தத் தமிழை வாசித்தால் இந்தக் கேள்விதான் வரும். மிச்சத்தை யாரும் எடுக்கவில்லை. அது திரும்பி வராத கடனோடு போய்விட்டது. அதைச் சொல்ல வேண்டிய நடு வரியில் “இயல்புநிலை” என்று இருக்கிறது. கணினியில் நாம் எதையும் தெரிவு செய்யாதபோது தானாக இருக்கும் அமைப்பை அப்படிச் சொல்வது சரி. கடனில் default என்ற அந்த ஆங்கிலச் சொல் கட்டத் தவறுவதைக் குறிக்கும். இரண்டு இடத்திலும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல்லைப் போட்டால், நூறு பேரில் ஏழு பேர்தான் இயல்பாக இருக்கிறார்கள் என்றல்லவா ஆகிறது?

நடு வரியைத் திருத்துவது லேசு. கணக்கியல் படித்த எவருக்கும் “அறவிடமுடியாக் கடன்” தெரியும். தமிழ்நாட்டில் “வாராக்கடன்” என்பார்கள். எனக்கு இரண்டாவதில்தான் விருப்பம். அறவிட முடியாதது என்றால் அறவிடப் போனவரின் இயலாமை முன்னுக்கு நிற்கிறது. வாராக்கடன் என்றால் நடந்தது மட்டும் நிற்கிறது. கடன் வரவில்லை, அவ்வளவுதான். உண்ணா நோன்பு, பேசா மடந்தை போல வாரா என்பதும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பழைய கட்டு, இன்றைக்கும் கேட்டவுடன் விளங்கும்.

மூன்றாவது வரிதான் வில்லங்கம். அதில் எழுத்துப் பிழையோ இலக்கணப் பிழையோ இல்லை. அதனால்தான் எல்லோரும் அதைத் திருப்பித் திருப்பி எழுதுகிறார்கள்.

“எதிர்பார்” என்பது எதிர், பார் என்ற இரண்டும் சேர்ந்தது. வருகிற திசையைப் பார்த்து நிற்பது. expect என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலமும் வெளியே பார்த்திருப்பதுதான். ஆகவே பெயர்ப்பு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அந்தக் கணக்கு பிறந்தபோது அதற்கு அந்தப் பெயர் இல்லை. ஒல்லாந்துக்காரரான கிறிஸ்டியான் ஹைகன்ஸ் சூதாட்ட வாய்ப்புகளைப் பற்றி எழுதிய சிறு நூல் 1657இல் இலத்தீனில் வெளிவந்தது. தன் மொழியில் அவர் கேட்டது, இந்த வாய்ப்பு எனக்கு எவ்வளவு பெறும் என்று. அதை இலத்தீனாக்கிய வான் ஸ்கூட்டன்தான் “எதிர்பார்ப்பு” என்ற பொருள்படும் சொல்லைப் போட்டார். அதுவே ஐரோப்பிய மொழிகளில் ஊன்றிவிட்டது. அதாவது நாம் இன்று பெயர்த்துக்கொண்டிருப்பது ஒரு மொழிபெயர்ப்பாளரின் தெரிவை. மூலத்தில் இருந்தது பெறுமதி, ஆசை அல்ல.

தமிழில் எதிர்பார்ப்பு என்றால் ஆசையும் கலந்துதான் வருகிறது. “பெரிய எதிர்பார்ப்போட வந்தன்” என்று சொல்பவர் கணக்குச் சொல்லவில்லை. அதனால் “எதிர்பார்க்கப்படும் இலாபம் 9.7%” என்ற வரியை இரண்டு விதமாகப் பிழையாக வாசிக்கலாம். கொம்பனி இவ்வளவு தரப் பார்க்கிறது என்பது ஒன்று. அக்கா வாசித்தது அப்படி. ஒவ்வொரு கடனிலும் இவ்வளவு வரும், நம்பி இருக்கலாம் என்பது மற்றது. மகன் வாசித்தது அப்படி. இரண்டுமே இல்லை. எந்த ஒரு கடனும் 9.7 தராது.

அக்காவுக்குத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். நூறு பேருக்கு ஆளுக்கு ஆயிரமாக மொத்தம் ஒரு லட்சம் கொடுக்கிறீர்கள். ஒரு வருட முடிவில் முதலும் வட்டியும் சேர்த்து ஒவ்வொருவரும் 1,180 தர வேண்டும். உண்மையான திட்டங்களில் மாதத் தவணையாகத்தான் வரும்; கணக்கு விளங்க ஒரே தவணை என்று வைப்போம். ஏழு பேர் ஒரு சதமும் கட்டவில்லை. 93 பேரிடம் இருந்து வருவது 93 × 1,180, அதாவது 1,09,740. போட்டது ஒரு லட்சம், ஆக மேலதிகமாக வந்தது 9,740. நூற்றுக்கு 9.74.

“பதினெட்டில ஏழு போனா பதினொன்றுதானே சேர்?” என்றார் அக்கா. பலரும் வழுக்குகிற இடம் இது. ஓடிப்போன ஏழு பேரிடம் போனது முதல் மட்டுமல்ல. அவர்கள் தந்திருக்க வேண்டிய வட்டியும் போனது. ஆளுக்கு 180 வீதம் 1,260. பதினொன்றுக்கும் 9.74க்கும் நடுவில் உள்ள இடைவெளி அதுதான். ஏழு பேரிடமும் பிறகு துரத்திப் பிடித்து முதலில் ஐந்தில் ஒன்றை, அதாவது ஆளுக்கு 200 வாங்கினால், இன்னொரு 1,400 சேர்ந்து 11.14 ஆகும். அதில் தளத்தின் கட்டணம் வேறு கழிய வேண்டும். தாளில் உள்ள 9.7 எதையெதைக் கழித்த பிறகு வந்தது என்று கேட்காமல் இரண்டு தளங்களை ஒப்பிடவே கூடாது.

இப்போது பாருங்கள், ஒவ்வொரு கடனிலும் நடப்பது ஒன்றில் 18 ஏறுவது, இல்லையென்றால் நூறும் போவது. 9.74 என்பது அந்த நூறு கடனையும் ஒன்றாகக் கொட்டிப் பங்கு போட்டால் ஒன்றுக்கு விழுவது. அதற்குத் தமிழில் பெயர் சராசரி. தாளில் இல்லாமல் போன சொல் அதுதான். எதிர்பார்ப்பு என்ற சொல் அதை மூடிவிட்டது.

என் பெயர்ப்பு: வாராக்கடன் கழித்த சராசரி வருவாய். வருவாய் என்பது வரும் வாய், வருகிற வழி. வாராக்கடன் வராதது. இரண்டும் “வா” என்ற ஒரே வேரில் இருந்து வந்து எதிரெதிராக நிற்கின்றன. எது வரும், எது வராது, வராததைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்பது பெயரிலேயே இருக்கிறது. இலாபம் என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். அது வடசொல் என்பதற்காக அல்ல. வியாபாரத்தில் இலாபம் என்றால் செலவெல்லாம் போக மிஞ்சியது. இங்கே வரியும் கட்டணமும் இன்னும் கழியாமல் இருக்கலாம்.

நீளம் என்று ஒரு நண்பர் குறை சொன்னார். நீளம்தான். ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிட்டுப் பிறகு “கழித்த வருவாய்” என்று சுருக்கலாம். அவர் சொன்ன மற்றக் குறை நியாயமானது: இந்தப் பெயரில் எதிர்காலம் இல்லை. 7% என்பது இனி நடக்கப் போவதைப் பற்றிய கணிப்பு; முன்பு கொடுத்த கடன்களை வைத்துப் போட்டது. சரி, கடன் கொடுக்கு முன் “மதிப்பிட்ட கழித்த வருவாய்” என்றும், கடன் முடிந்த பின் “கிடைத்த கழித்த வருவாய்” என்றும் எழுதுவோம். எதிர்பார்க்கப்படும் என்று ஒற்றைச் சொல்லைப் போடுபவர்கள் இந்த இரண்டையும் பிரிப்பதே இல்லை. நிகழ்தகவு வகுப்பில் எதிர்பார்ப்பு இருந்துவிட்டுப் போகட்டும், அங்கே பிள்ளைகளுக்கு வரைவிலக்கணம் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இருக்கிறார். சேமிப்பைக் கையில் வைத்திருக்கும் ஒருவருக்குத் தாளை மட்டும் அனுப்பும்போது சொல்லே ஆசிரியராக இருக்க வேண்டும்.

மதிப்பிட்ட ஏழு கிடைத்த ஏழாக வரும் என்றும் இல்லை. நூறு கடனில் நாலு பேர் மட்டும் தவறினால் 13.28 கிடைக்கும், பத்துப் பேர் தவறினால் 6.2. இந்த அளவு ஏற்றத்தாழ்வு சாதாரணமானது. பதினாறு பேர் தவறினால் போட்ட முதலிலேயே கை வைத்தாகிவிட்டது. ஆளுக்கு ஆள் தொடர்பில்லாமல் தவறும்வரை அவ்வளவு தூரம் போவது அரிது. எல்லோரையும் ஒரே காரணம் தாக்கினால் சராசரியே நகர்ந்துவிடும். 2022இல் இலங்கையில் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தபோது, நூறு கடற்றொழிலாளருக்குக் கடன் கொடுத்திருந்த ஒருவருக்கு முந்தைய வருடங்களின் ஏழு எதற்கு உதவியிருக்கும்?

பிறகு மகனே தொலைபேசியில் வந்தான். யோசனை என்று அம்மாவிடம் சொன்னவன் ஏற்கெனவே பத்துக் கடன் கொடுத்துப் பார்த்திருக்கிறான். நாலு மாதம் ஆகிறது, ஒருவரும் தவறவில்லை, அவனுடைய பக்கத்தில் 18 என்றே காட்டுகிறதாம். “தாளில கூடக் குறைச்சுத்தான் போட்டிருக்கிறாங்க சேர்” என்றான்.

பத்துக் கடனில் ஒருவரும் தவறாமல் இருக்கும் வாய்ப்பைக் காண 0.93ஐப் பத்துத் தடவை பெருக்க வேண்டும், 0.48 வரும். பத்துக் கடன் கொடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படித்தான் 18 என்று தெரியும். அவனுக்கு நாலு மாதம்தானே ஆகிறது. மாதத் தவணைக் கடனில் முதல் சில தவணைகளை அநேகமாக எல்லோரும் கட்டிவிடுவார்கள். தவணை நின்ற பிறகும் பல மாதம் அது “பிந்திய கடன்” என்ற வரிசையில்தான் கிடக்கும்; அதற்கப்புறமே வாராக்கடனாக எழுதப்படும். அதுவரை பக்கத்தில் தெரிவது கழித்த வருவாய் அல்ல, இன்னும் எதையும் கழிக்காத வட்டி. பிந்திய வரிசையில் எத்தனை இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் தேடிவிட்டு “ரெண்டு” என்றான்.