ஒரு ரீம் தாளுக்கு மூன்று வாசல்

ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாள் மூன்று வழியாக வெளியே போகிறது. ரீமாகவும் சில்லறையாகவும் விற்கிறோம், நகல் எடுக்கிறோம், ஸ்பைரல் பைண்டிங் செய்த புத்தகத்துக்குள் வைத்தும் கொடுக்கிறோம். பில்லில் "தாள்" என்று வருவது முதல் வழியில் போனது மட்டும்தான். அதனால் இருப்பை ரீமில் எழுதாமல் தாள் கணக்கில் எழுத வேண்டும். ஒரு ரீம் என்றால் 500 தாள்.

நகலுக்குப் போனதை மெஷின் மீட்டர் காட்டும். ஆனால் மீட்டர் எண்ணுவது தாளை அல்ல, அச்சான பக்கத்தை. எடுத்துக்காட்டாக ஒரு நாளைப் பார்ப்போம். காலையில் 3,120 தாள் இருந்தது. மாலைக்குள் மீட்டர் 1,440 ஏறியது. விற்பனையில் 530 தாள் போனது. அப்படியே கழித்தால் 1,150 மிஞ்ச வேண்டும். எண்ணிப் பார்த்தால் 1,520 இருக்கிறது! 370 தாள் கூடுதல் என்று கடைக்காரர் நிம்மதி அடைவார். அங்கேதான் ஏமாற்றம். 1,440 பக்கத்தில் 800 பக்கம் முன்பின்னாக எடுத்தது, அதற்கு 400 தாள் போதும். மீதி 640 பக்கத்துக்கு 640 தாள். ஆக நகலுக்குச் செலவானது 1,040 தாள், மிஞ்ச வேண்டியது 1,550. உண்மையில் 30 தாள் குறைகிறது. பொய்யான மிச்சத்துக்குள் அந்தக் குறை ஒளிந்துகொண்டது.

அந்த 30 எங்கே போனது? மெஷினில் சிக்கிக் கசங்கிய தாள்களைத் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தால் தெரிந்துவிடும். பாதி வழியில் சிக்கிய தாளைப் பல மெஷின்கள் மீட்டரில் ஏற்றுவதில்லை. டப்பாவில் 28 இருந்தால் கணக்கு ஏறக்குறைய சரி. ஐந்துதான் இருந்தால் தேட வேண்டும். வாடிக்கையாளர் கொண்டுவரும் பத்திரத்தில் அச்சடித்தால் இதற்கு நேர்மாறு: மீட்டர் ஏறும், நம் தாள் குறையாது. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிரித்த ரீமை விரல் விட்டு எண்ண வேண்டாம், தராசு போதும். ஏ4 என்பது ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. 75 ஜிஎஸ்எம் தாள் சதுர மீட்டருக்கு 75 கிராம், அப்படியானால் ஒரு தாள் சுமார் 4.7 கிராம். 94 கிராம் என்றால் 20 தாள். மழைக்காலத்தில் தாள் ஈரம் இழுத்துக் கனக்கும், அப்போது 100 தாளை எண்ணி எடை போட்டு அதையே அளவாக வைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம் பைண்டிங். 60 தாள் புராஜெக்ட் ஒன்றை நகலெடுத்துக் கட்டித் தந்தால், "ஒரு புத்தகம்" என்று எழுதி 60 தாளை மறுபடி கழிக்கக் கூடாது. அவற்றை மீட்டர் வழியாக ஏற்கெனவே கழித்தாயிற்று. பைண்டிங் கணக்கில் குறைய வேண்டியது ஒரு ஸ்பைரல், முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட், பின்னால் ஒரு கெட்டி அட்டை. ஸ்பைரலையும் அளவு வாரியாக எழுதி வைக்க வேண்டும். மொத்தத்தில் 40 இருந்தும் தடித்த புத்தகத்துக்கு ஏற்றது ஒன்றுகூட இல்லாத நாள், கல்லூரியில் புராஜெக்ட் கொடுக்கும் வாரத்தில்தான் வரும்.