வெள்ளை முயல் ஏன் சாம்பலாகிறது?

கைவினைப் பொருட்களை ஆன்லைனில் விற்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: “வெள்ளை நூலில் குரோஷா முயல் பின்னுகிறேன். ஜன்னலோரம் வெள்ளைச் சார்ட் பேப்பரில் வைத்து போனில் எடுத்தால், முயல், பேப்பர் எல்லாமே சாம்பல் பூசினமாதிரி வருகிறது. வெளிச்சம் போதவில்லையா, இல்லை போனை மாற்ற வேண்டுமா?”

இரண்டும் வேண்டாம். போன் ஒரு கணக்குப் போடுகிறது, அது இந்த முயலுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். வெள்ளைப் பேப்பர் திரை முழுவதையும் நிரப்புமாறு ஒரு படம் எடுங்கள். அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், கருப்புத் துணி திரையை நிரப்புமாறு இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். வெள்ளை மங்கியிருக்கும், கருப்பு வெளுத்திருக்கும், இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலை நோக்கி வந்திருக்கும்.

காரணம் இதுதான். கேமராவுக்குத் தெரிவது பொருளிலிருந்து திரும்பி வரும் ஒளி மட்டுமே. நிறைய ஒளி வந்தால், அது வெள்ளைப் பொருளாகவும் இருக்கலாம், பளீரென்ற வெயிலில் இருக்கும் சாம்பல் பொருளாகவும் இருக்கலாம். வெறும் அளவை வைத்து இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. அதனால் கேமரா செய்பவர்கள் ஓர் ஊகத்தை உள்ளே வைத்தார்கள்: எந்தக் காட்சியையும் சராசரி பார்த்தால் நடுத்தரச் சாம்பலாக இருக்கும். புகைப்படக்காரர்கள் அளவுகோலாக வைத்திருக்கும் சாம்பல் அட்டை, விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். நல்ல வெள்ளைப் பேப்பரோ 80, 90 சதவீதம் வரை அனுப்பும். நான்கைந்து மடங்கு அதிகம். இவ்வளவு ஒளியைக் கண்டதும், ‘இடம் ரொம்ப வெளிச்சமாக இருக்கிறது’ என்று போன் தானாகக் குறைத்துக்கொள்கிறது. இன்றைய போன்கள் முகம், வானம் என்று காட்சியை அடையாளம் கண்டு இந்த ஊகத்தைத் திருத்திக்கொள்கின்றன என்பது உண்மை. ஆனால் வெள்ளைமேல் வெள்ளை வந்தால் அவையும் தடுமாறும்.

சரி, திருத்துவது எப்படி? திரையில் முயலின்மேல் தொட்டு, விரலை அப்படியே அழுத்திப் பிடியுங்கள். ஐபோனில் AE/AF LOCK என்று வரும். பல ஆண்ட்ராய்டு போன்களில் பூட்டுப் படம் தெரியும். பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே நகர்த்துங்கள். பேப்பர் வெளுத்துக்கொண்டே வரும்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. போன் கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் மழையில் வைத்த ஒரு வாளி மாதிரி. ஒளி விழ விழ நிறையும். நிரம்பி வழிந்த பிறகு எவ்வளவு விழுந்தது என்று அதற்குத் தெரியாது. முயலின் ஒரு பின்னல் மேட்டிலும் பக்கத்துப் பள்ளத்திலும் வாளிகள் நிரம்பிவிட்டால் மேடும் பள்ளமும் ஒன்றாகி, நூல் மறைந்து வெறும் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். அப்புறம் எடிட்டிங்கில் எவ்வளவு இருட்டாக்கினாலும் அந்த நூல் திரும்பாது. இருண்ட படத்தை ஓரளவு மீட்கலாம், வழிந்துபோனதை மீட்க முடியாது. எனவே படத்தை எடுத்ததும் ஜன்னல் பக்கம் இருக்கும் காதைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் வழிவது அங்கேதான். நூலிழைகள் தனித்தனியாகத் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இறக்கி மறுபடி எடுங்கள். பேப்பர் முழு வெள்ளையாகவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், அதை மட்டும் பிற்பாடு வெளுக்கலாம்.

ஜன்னல் முயலுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு பின்னலும் மறுபக்கம் ஒரு துளி நிழல் போடுவதால்தான் பின்னல் கண்ணுக்குத் தெரிகிறது. ஃபிளாஷ் போட்டால் ஒளி கேமரா பக்கமிருந்தே வந்து அந்த நிழலை அழித்துவிடும். நேர் வெயில் விழுந்தால் ஜன்னலில் ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டுங்கள். முயலின் இருண்டிருக்கும் பக்கத்துக்கு ஒளியைத் திருப்பிவிட, அங்கே ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் போதும். இதற்கென விற்கும் விளக்குப் பெட்டிகள் இரவில் எடுப்பவர்களுக்குச் சரி, பகலில் ஜன்னல் இருக்கும்போது அவை எதற்கு என்பது என் கட்சி.

இன்னொன்றையும் சோதித்தேன். வெள்ளைப் பேப்பரை எடுத்துவிட்டு, முயலைக் கரும்பலகைமேல் உட்கார வைத்தேன். எதையும் தொடாமல் போனின் போக்கிலேயே விட்டு எடுத்தேன். திரையில் பெரும்பகுதி கருப்பு என்பதால், இடமே இருட்டு என்று நினைத்து அது வெளிச்சத்தை ஏற்றிவிட்டது. பலகை சாம்பலாகி வந்தது, முயலின் காதில் ஒரு பின்னல்கூட இல்லை. இந்தத் தடவை சூரியக் குறியைக் கீழே இறக்க வேண்டியிருந்தது.