"ஜூஸ் வரிசையில் வைப்பேன்" என்றார் மளிகைக் கடைக்காரர்

ஈரோட்டுப் பக்கத்தில் வீட்டுச் சுத்தப் பொருட்கள் தயாரிக்கும் ஒரு பெண் என்னிடம் பெயர் கேட்டு வந்தார். பாத்திரம் கழுவும் திரவம் ஒன்று, தரை துடைக்கும் திரவம் ஒன்று. இரண்டுக்கும் 'ஃப்ரெஷ் லெமன்' என்றே வைத்துவிடலாம், லேபிள் செலவு மிச்சம் என்று முடிவோடு வந்திருந்தார். எலுமிச்சை வாசனை, இளமஞ்சள் நிறம், பெயரும் அதுவே. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பெயர் வைக்கும்போது நான் எப்போதும் செய்வது ஒன்று உண்டு. படம், நிறம் எதுவும் இல்லாமல் வெள்ளைத் தாளில் பெயரை மட்டும் எழுதி, "இது என்ன பொருள்? கடையில் எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்பேன். பத்துப் பேரிடம் காட்டியதில் ஆறு பேர் குடிக்கிற பொருள் என்றார்கள். மளிகைக் கடைக்காரர் யோசிக்கவே இல்லை, "ஜூஸ் வரிசையில் வைப்பேன்" என்றார்.

வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பெரிய கேனில் வாங்கும் திரவத்தைப் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது நம் வீடுகளில் சாதாரணம். லேபிள் போய்விடும். மிஞ்சுவது நிறம், வாசனை, வீட்டில் அதைக் கூப்பிடும் பெயர். "அந்த லெமனை எடு" என்று அம்மா சொல்வது நாலு வயதுக் குழந்தையின் காதில் என்னவாக விழும்? எலுமிச்சை, ஆரஞ்சு, ரோஸ் எல்லாம் நமக்குக் குடிக்கிற வாசனைகள். அதனால் பழத்தின் பெயரைப் பிராண்டுப் பெயரில் வைக்கவே கூடாது என்பது என் கருத்து. வாசனையைச் சொல்லியே ஆக வேண்டுமா, கீழே சிறிய எழுத்தில் 'எலுமிச்சை வாசனை' என்று போட்டால் போதும்.

அப்படியானால் சுத்தத்தை எப்படிச் சொல்வது? தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. வேம்பு என்றதும் சுத்தம் நினைவுக்கு வரும், கூடவே கசப்பும் வரும். யாரும் அதை ஆசையாக வாயில் வைக்க மாட்டார்கள். கற்பூரமும் நொச்சியும் இதே வகை. ஒரே நிபந்தனை, பாட்டிலுக்குள் உண்மையிலேயே வேம்பு இருக்க வேண்டும். வாங்குபவரை ஏமாற்றும் பெயரை 1999-ஆம் ஆண்டின் வர்த்தகச் சின்னச் சட்டம் ஏற்பதில்லை.

அவர் தரைத் திரவத்தில் வேப்பெண்ணெய் சேர்த்திருந்தார். அதனால் 'வேம்படி' என்று யோசித்தோம். மரத்தடி நிழலும் வெறுங்காலும் நினைவுக்கு வந்தன. தாளில் எழுதிக் காட்டியபோது ஒருவரும் குடிக்கிற பொருள் என்று சொல்லவில்லை.

அதையே பாத்திரத் திரவத்துக்கும் வைக்கலாமே என்றார். வேண்டாம் என்றேன். வெறும் தரையில் யாரும் சோற்றைப் போட்டுச் சாப்பிடுவதில்லை. தட்டில் சோறு போடுகிறோம். கசப்போ கிருமியைக் கொல்வதோ பெயரில் இருந்தால், தட்டில் ஏதாவது ஒட்டியிருக்குமோ என்று மனம் தயங்கும். பாத்திரத்துக்கான பெயர், கழுவினால் போய்விடும் என்ற உணர்வைத் தர வேண்டும். முதலில் 'துலக்கு' என்ற சொல் எனக்குப் பிடித்தது. ஆனால் பொருளின் வேலையை நேராகச் சொல்லும் சொல்லுக்குச் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் ஆட்சேபம் வரும். அது எல்லாருக்கும் பொதுவான சொல், ஒருவர் எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. கடைசியில் 'கிண்ணி' என்று நின்றோம். சின்னக் கிண்ணம், தட்டினால் வரும் ஓசை, இரண்டும் அதில் இருக்கின்றன. ஆனால் சுத்தம் அதில் நேராக இல்லை. அதனால் பெயருக்குக் கீழே 'பாத்திரம் கழுவும் திரவம்' என்று அதே அளவு கண்ணுக்குத் தெரியும்படி எழுதச் சொன்னேன்.

அப்புறம், 'சேஃப்', 'பேபி' போன்ற சொற்கள். பாதுகாப்பைச் சொல்லத்தான் பலர் வைக்கிறார்கள். ஆனால் அப்படிப் பெயர் வைத்த பாட்டிலைக் கை எட்டும் இடத்தில் வைக்கத் தயங்க மாட்டார்கள். எச்சரிக்கை வரி சொல்வதைப் பெயர் அழித்துவிடும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

பெயரை வர்த்தகச் சின்னமாகப் பதிய விண்ணப்பிக்கும் முன்னால் வர்த்தகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் அதைத் தேடிப் பாருங்கள். எழுத்து வேறாக இருந்தாலும் ஒலி ஒத்திருக்கிறதா என்று பார்க்கும் தேடலும் அங்கே உண்டு. பதிவுக்காகப் பொருட்களை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; சுத்தம் செய்யும் பொருட்கள் 3-ஆம் வகுப்பில் வரும். கிருமிநாசினி என்று விற்றால் 5-ஆம் வகுப்பு, அதற்குத் தனிக் கட்டணம். சாதாரணத் தரைத் திரவத்துக்கு அந்த வார்த்தை தேவையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசிச் சோதனை தொலைபேசியில். "அண்ணா, வேம்படி ரெண்டு, கிண்ணி மூணு" என்று அவர் கடைக்குச் சொன்னார். எதிர்முனையில், "வேம்படி தரைக்கு, கிண்ணி பாத்திரத்துக்கு, சரிதானே?" என்று கேட்டது. ஜூஸ் வரிசை என்று சொன்ன அதே கடைக்காரர்தான்.