'பரூஹ்' என்றால் போகிறேனா, போவேனா?

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அரபுப் பேச்சுமொழி கற்பிக்கிறேன். வகுப்பில் சேரும்போதே பலர் பாதி அரபு கற்றுக்கொண்டு வருகிறார்கள். யூடியூப் பாடங்களிலும் திரைப்படங்களிலும் எகிப்திய அரபு நிறையக் கிடைப்பதால், பெரும்பாலும் கெய்ரோ அரபுதான் அந்தப் பாதி. சொற்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஒரு வாரத்தில் மாற்றிவிடலாம். வினைச்சொல்லின் தலையில் ஒட்டிக்கொண்டு வரும் ஓரெழுத்துதான் ஆளைக் கவிழ்க்கிறது.

ரியாத்தில் ஒரு வீட்டில் ஓட்டுநராகச் சேர்ந்த மாணவர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். சேர்ந்த இரண்டாம் வாரம் வீட்டுக்காரர் அவரிடம், "வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போவதுண்டா?" என்று கேட்டிருக்கிறார். இவர் "லா, மா பரூஹ்" என்றார். வீட்டுக்காரரின் முகம் மாறிவிட்டது. அன்று மாலை வரை அவர் இவரிடம் பேசவில்லை.

இவர் சொல்ல நினைத்தது 'போவதில்லை'. ரியாத் காதில் விழுந்தது 'போகமாட்டேன்'. தமிழில் இந்த இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ஒன்று வழக்கத்தைச் சொல்வது, மற்றது மறுப்பது.

கெய்ரோவில் 'பரூஹ்' (இங்கே 'ப', பஸ் என்பதில் வரும் ஒலி) என்றால் வழக்கமாகப் போகிறேன். போவேன் என்பதற்கு 'ஹரூஹ்'. எதிர்மறையில் வினையின் இருபுறமும் கட்டு விழும்: முன்னால் 'ம', பின்னால் 'ஷ்'. 'மபருஹ்ஷ்' என்றால் போவதில்லை. எதிர்காலத்தை மறுக்க அந்தக் கட்டு வேண்டாம், 'மிஷ் ஹரூஹ்' போதும்.

ரியாத்திலும் குவைத்திலும் கணக்கு வேறு. போகிறேன் என்பதற்கு முன்னொட்டே இல்லாத 'அரூஹ்'. 'ப' ஒட்டினால் எதிர்காலம்: 'பரூஹ்' என்றால் போவேன். 'வேண்டும், விரும்புகிறேன்' என்று பொருள்படும் 'அபி' என்ற சொல் தேய்ந்துதான் இந்த 'ப' வந்தது என்று பெரும்பாலும் விளக்குகிறார்கள். நினைவில் வைக்க அது நல்ல பிடி. மறுப்புக்கு 'மா' மட்டும் முன்னால் வரும், வால் கிடையாது. ஆகவே 'மா அரூஹ்' போவதில்லை, 'மா பரூஹ்' போகமாட்டேன்.

நம் மாணவர் முதலில் எகிப்திய வழக்கில்தான் பேசினார். சுற்றியுள்ளவர்கள் யாரும் 'ஷ்' சொல்லவில்லை என்று கவனித்து, அதை மட்டும் கத்தரித்துவிட்டார். 'ப' அப்படியே நின்றது. கெட்டிக்காரத்தனமான திருத்தம்தான், பாதியில் நின்றுபோனதுதான் வினை. முழு எகிப்திய வாக்கியமாக இருந்திருந்தால், அந்த வழக்கைத் திரையில் கேட்டுப் பழகிய சவூதிக்காரர் புரிந்துகொண்டிருப்பார். அரைகுறையாகக் கலந்ததை அவர் தன் ஊர்ப் பேச்சாகவே எடுத்துக்கொண்டார்.

டமாஸ்கஸ், பெய்ரூட் பக்கம் 'ப' கெய்ரோவைப் போலவே நிகழ்காலம். 'ப்ரூஹ்' என்றால் போகிறேன், 'ரஹ் ரூஹ்' என்றால் போவேன். ஆனால் மறுப்பில் 'ஷ்' இல்லை, 'மா ப்ரூஹ்' என்றாலே போவதில்லை. அதே மண்டலத்தில் பாலஸ்தீனம் பக்கம் போனால் 'ஷ்' மீண்டும் தலைகாட்டும்.

மொராக்கோ தனி உலகம். நிகழ்காலத்துக்கு 'க', எதிர்காலத்துக்கு 'காதி'. போவதற்கு வினையே வேறு: 'கன்ம்ஷி' என்றால் போகிறேன். அதிலுள்ள 'ன்' இதுவரை சொன்ன ஊர்களில் 'நாங்கள்' என்பதற்கான அடையாளம், இங்கே 'நான்'. மொராக்கோவில் வேலையோ உறவோ இல்லாதவர் அதிலிருந்து தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து.

எதைக் கற்பது என்று கேட்பவர்களிடம் நான் நாட்டைக் கேட்பதில்லை, நகரத்தைக் கேட்கிறேன். கையில் இருக்கும் பாடம் எந்த ஊருடையது என்று அறிய மூன்று வாக்கியங்கள் போதும்: போகிறேன், போவதில்லை, போவேன். மூன்றாவதற்கு 'ஹரூஹ்' என்று வந்து, இரண்டாவது 'ஷ்' என்று முடிந்தால் அது கெய்ரோ. முதல் வாக்கியம் மொட்டையாக 'அரூஹ்' என்றிருந்தால் வளைகுடா. எழுத்து அரபில் எதிர்காலத்துக்கு 'ஸ', அதன் மறுப்புக்கு 'லன்'. செய்தி கேட்க அது வேண்டும், சந்தையில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

வளைகுடாவில் இன்னொரு தொல்லை உண்டு. வெளிநாட்டுத் தொழிலாளர்களிடம் பல முதலாளிகளே 'மா ஃபீ ரூஹ்' என்று உடைந்த அரபில் பேசுவார்கள். போகவில்லை, போவதில்லை, போகமாட்டேன், போகாதே எல்லாமே அதில் ஒன்றுதான். அதையே பாடமாக எடுத்துக்கொண்டால், வீட்டார் தங்களுக்குள் பேசுவது பிடிபடாது.

ஓட்டுநர் ஒரு வழியாக 'அரூஹ்', 'பரூஹ்' இரண்டையும் பிரித்துப் பேசப் பழகிவிட்டார். ஆறு மாதம் கழித்து அந்தக் குடும்பம் ஜித்தாவுக்குக் குடிபெயர்ந்தது, இவரும் கூடவே போனார். முதல் வாரமே அழைத்தார். பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டாராம். அவன் வாய் நிறையச் சோற்றோடு 'பாகுல்' என்றானாம். "ரியாத் கணக்குப்படி அது சாப்பிடுவேன் என்றல்லவா ஆகிறது? அவன் சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறானே, ஐயா!"

ஜித்தா, மக்கா நகரப் பேச்சில் 'ப' நிகழ்காலம், 'ஹ' எதிர்காலம். பழைய எகிப்தியப் பாட நோட்டைத் தேடி எடுக்கச் சொன்னேன். 'ஷ்' மட்டும் வேண்டாம் என்றேன்.