முட்டியின் உள்பக்கம் மட்டும் தேய்ந்தால் முழு மூட்டையும் மாற்ற வேண்டுமா?

போன வாரமும் ஒருவர் வந்தார். திருவையாறு பக்கம் விவசாயி, வயது 49. கையில் எம்.ஆர்.ஐ. கவர். "ரெண்டு முட்டியும் தேஞ்சிடுச்சாம், மாத்தணுமாம். தேதி மட்டும் குடுங்க டாக்டர்" என்றார். நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரே ஒன்றுகூட இல்லை. படுக்க வைத்து எடுத்தால் தேய்ந்த மூட்டிலும் இடைவெளி இருப்பது போலத்தான் தெரியும். இதை எத்தனை முறை சொல்வது?

தேய்மானம் என்றாலே முழு மூட்டும் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முட்டியில் உள்பக்கம், வெளிப்பக்கம், சில்லுக்குப் பின்புறம் என மூன்று பகுதிகள். நம் ஆட்களில் பலருக்கு முதலில் தேய்வது உள்பக்கம்தான். மற்ற இரண்டும் நன்றாக இருக்கும்போது மூன்றையும் சேர்த்து ஏன் வெட்டி எடுக்க வேண்டும்?

இவரை நிற்க வைத்து இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே படமாக எடுத்தோம். உடல் எடை இறங்கும் கோடு முட்டியின் நடுவில் போகாமல் உள்விளிம்பில் போனது. வளைவு, முட்டிக்குக் கீழுள்ள எலும்பின் மேற்பகுதியிலேயே இருந்தது. வெளிப்பக்கக் குருத்தெலும்பு பழுதில்லை, முட்டி நன்றாக மடங்கி நீண்டது. அதிகம் வலித்த வலது காலில் எலும்பை நேராக்கும் அறுவை சிகிச்சையை முடிவு செய்தோம். முட்டிக்குச் சற்றுக் கீழே உள்பக்கமிருந்து எலும்பை அறுப்போம். வெளிப்பக்கம் கொஞ்சத்தை அறுக்காமல் கீல் போல விட்டு மெல்ல விரித்து பிளேட் வைப்போம். இவருக்கு 10 மி.மீ. விரிவு தேவைப்படும். எடை நல்ல பக்கம் நகரும், மூட்டு அவருடையதாகவே இருக்கும். அளவு மீறி விரித்தால் வெளிப்பக்கம் தேயும். சரியான ஆளுக்குச் செய்தால் 10 ஆண்டுகள் கழித்தும் சுமாராக நான்கில் மூன்று பேருக்கு மூட்டு மாற்று தேவைப்படுவதில்லை.

கூட வந்த அவருடைய அக்காவுக்கு 66 வயது. அவருக்கும் உள்பக்கம்தான், ஆனால் எலும்பும் எலும்பும் உரசுகிறது. நடுவிலுள்ள ஜவ்வு உறுதியாக இருக்கிறது, கையால் தள்ளினால் வளைவு நேராகிறது. அவருக்குத் தேய்ந்த உள்பக்கத்தை மட்டும் மாற்றும் பாதி மூட்டு மாற்று. முழு மாற்றைவிடச் சீக்கிரம் நடக்கலாம், கிருமித் தொற்று அபாயமும் குறைவு. மறு ஆபரேஷன் வாய்ப்பு முழு மாற்றைவிட அதிகம், அதையும் சொல்லிவிட்டுத்தான் செய்வேன். "லேசாத் தேயும்போதே பாதி மாத்திடுங்க" என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. குருத்தெலும்பு மிச்சமிருக்கும்போது செய்தால் வலி போகாமலே நிற்கலாம்.

முடக்குவாதம் உள்ளவர்கள், முட்டி நீட்ட முடியாமல் நன்றாக மடங்கி இறுகியவர்கள், வெளிப்பக்கமும் தேய்ந்தவர்கள் இந்த இரண்டு ஆபரேஷனையும் கேட்க வேண்டாம்.

தம்பியிடம் இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொன்னேன். பீடியை இன்றே விடுங்கள், புகைப்பவர்களுக்கு அறுத்த எலும்பு ஒன்றுசேராமல் போகலாம். அப்புறம், குறுவை நடவுக்கு முந்தின வாரம் வந்து நிற்காதீர்கள். எலும்பு ஒன்றுசேர மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். தாளடி அறுவடை முடிந்த கையோடு வாருங்கள், அந்த வருடக் குறுவையில் சேற்றில் இறங்க வேறு ஆள் பார்த்து வையுங்கள்.