கட் லிஸ்டில் உள்ள நீளம் எங்கிருந்து எங்கே?

கணினித் திரையில் ஃபிரேமின் நான்கு மூலைகளும் 45 டிகிரியில் அழகாகப் பொருந்தியிருக்கும். பட்டறையில் வெல்டு அடித்து முடித்து டேப் வைத்தால் ஃபிரேம் 50 மி.மீ. பெரிதாக நிற்கும். என்னிடம் சரிபார்க்க வரும் மாடல்களில் அடிக்கடி கண்ணில் படும் கோளாறு இது.

ஓர் உதாரணம். வெளி அளவு 1200 × 800, குழாய் 50 × 50 × 3 சதுர டியூப். சாலிட்வொர்க்ஸில் 1200 × 800 என்றே செவ்வகம் வரைந்து Structural Member கொடுக்கிறோம். வேறு எதையும் மாற்றாவிட்டால், வழக்கமான சதுர டியூபில் ஸ்கெட்ச் கோடு குழாயின் நடு மையத்தில்தான் ஓடும். இரு பக்கமும் 25 வெளியே தள்ளி, ஃபிரேம் 1250 × 850 ஆகிவிடும். Locate Profile அழுத்தி, கோடு குழாயின் வெளி விளிம்பில் உள்ள புள்ளி வழியாகப் போகும்படி மாற்றினால் போதும். மாற்றியதும் Measure வைத்து வெளி அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள். உள்ளே ஒரு தட்டோ மோட்டாரோ உட்கார வேண்டுமானால் உள் விளிம்பைப் பிடிப்பதுதான் சரி.

அடுத்தது நீளம். முனைகளை மைட்டராக, அதாவது சாய்வாக, வெட்டிய துண்டுக்கு இரண்டு நீளம் உண்டு. நம் நீளத் துண்டு வெளி முனைக்கு வெளி முனை 1200, உள் முனைக்கு உள் முனை 1100. வெட்ட வேண்டிய துண்டுகளின் பட்டியலான கட் லிஸ்டில் LENGTH என்று வருவது பெரியது. ரம்பத்தில் நிற்பவர் அதை உள் நீளமாக எடுத்துக்கொண்டால் ஃபிரேம் 1300 ஆகும். அதனால் பட்டியலின் தலைப்பிலேயே 'வெளி முனை நீளம்' என்று எழுதி, ஒரு துண்டின் படத்தையும் பக்கத்தில் போடச் சொல்வேன். 60 × 40 போன்ற செவ்வகக் குழாயில் படம் இல்லாமல் நடக்கவே நடக்காது. சாய்வு எந்த முகத்தில் விழ வேண்டும் என்பதை நீளமும் கோணமும் மட்டும் சொல்லாது.

வெல்டருக்கு மூலையில் 2 மி.மீ. இடைவெளி வேண்டுமென்றால் அதையும் மாடலிலேயே கொடுங்கள். இடைவெளி இரு துண்டுக்கும் பாதி பாதியாகப் பிரிந்து, சாய்வு முகத்துக்குச் செங்குத்தாக இருப்பதால் ஒவ்வொரு முனையிலும் சுமார் 1.4 குறையும், 1200 துண்டு 1197.2 ஆக வரும். கொடுக்காமல் விட்டால் பொருத்துபவர் துண்டுகளை விலக்கி வைப்பார். அந்த 2.8 ஃபிரேமின் வெளி அளவில் ஏறும். வெல்டு குளிரும்போது சுருங்குவது வேறு கதை. அதைப் போட்டு இதை ஈடுகட்ட நினைக்க வேண்டாம்.

கோணத்திலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ரம்பத்தில் பெரும்பாலும் நேர் வெட்டுதான் 0. குழாயின் அச்சிலிருந்து அளப்பவருக்கு அதுவே 90. 45-இல் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் வித்தியாசம் தெரியாது. அடித் தண்டோடு 60 டிகிரி சாய்ந்து நிற்கும் ஒரு பிரேஸ் வந்ததும் வெளிப்படும்: ரம்பத்தை 30-க்குத் திருப்ப வேண்டிய இடத்தில் 60-க்குத் திருப்பிவிடுவார்கள். கட் லிஸ்டில் எந்தக் கணக்கு என்று தெரிய, பிரேஸ் துண்டு ஒன்றின் கோணத்தை மாடலில் அளந்து ஒப்பிட்டுவிட்டு அனுப்புங்கள்.