ஒட்டுக்கன்றுக்கு வயதுக் கணக்கு இரண்டு: நர்சரி இருப்புத் தாளில் வரும் தவறு

சேலத்து மா நர்சரிகளில் இருப்புத் தாள் என்றால் ரகம், பை அளவு, எண்ணிக்கை, அதற்குப் பக்கத்தில் 'வயது 8 மாதம்' என்று ஒரு குறிப்பு இருக்கும். தவறு தொடங்குவது அந்தக் குறிப்பில்தான். எழுதிய மாதம் போனதும் அது பொய்யாகிவிடும். அது கொட்டை போட்ட நாளிலிருந்து கணக்கா, ஒட்டிய நாளிலிருந்தா என்பதும் தெரியாது. அதனால் வயதை எழுதாமல் தேதியை எழுதுங்கள். ஒட்டிய தேதி ஒன்று, கடைசியாகப் பை மாற்றிய தேதி ஒன்று. பை மாற்றாத கன்றுக்கு இரண்டிலும் ஒட்டிய தேதியே இருக்கட்டும்.

ஒரு கணக்கு பார்ப்போம். 2024 ஜூலை 15 அன்று இமாம் பசந்த் 300 ஒட்டு கட்டியதில் 210 பிழைத்தன என்று வைத்துக்கொள்வோம். 2025 ஜனவரி 20 அன்று அதில் 60 கன்றுகளைப் பெரிய பைக்கு மாற்றுகிறீர்கள். பழைய வரியில் 210ஐ 150 ஆக்கி, 60க்குத் தனி வரி போட வேண்டும். ஒட்டிய தேதி அதேதான், பை மாற்றிய தேதி மட்டும் புதிது. பழைய வரியைக் குறைக்க மறந்தால் தாள் 270 கன்று காட்டும். வண்டி வந்து நிற்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

D ஒட்டிய தேதி, E பை மாற்றிய தேதி, G முற்றிய தளிர்ச் சுற்றுகள் என்றால் தயார்நிலைக்கு இது போதும்:

```
=IF(AND(DATEDIF(D2,TODAY(),"m")>=6,DATEDIF(E2,TODAY(),"m")>=2,G2>=2),"தயார்","பொறு")
```

தளிர் இரண்டு சுற்று முற்றியிருந்தால் 150 கன்று ஜனவரியிலேயே 'தயார்' ஆகிவிடும். அந்த 60 மார்ச் 20 வரை 'பொறு' என்றே நிற்கும். காரணம் வேர். புது மண்ணை வேர் பிடிக்காத நிலையில் பையைக் கிழித்தால் மண்கட்டி உதிர்ந்து, மெல்லிய வேர்கள் அறுந்துபோகும். நட்ட சில நாளில் இலை வாடும். வாங்கியவர் ரகத்தைத் திட்டுவார். தப்பு தேதியில் இருந்தது.

ஆறு, இரண்டு என்ற எண்களை உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஏற்காட்டுக் குளிரில் தளிர் மெதுவாகத்தான் வரும். சேலத்துக் கணக்கு அங்கே செல்லாது.

தாள் 'தயார்' என்றாலும் வரிசைக்கு ஐந்து கன்றைக் கையில் எடுத்துப் பார்க்காமல் விற்கக் கூடாது. ஒட்டு நாடா அவிழ்க்காமல் விட்டிருந்தால் தண்டை இறுக்கி, ஒட்டுக்கு மேலே வீங்கியிருக்கும். காற்றில் அங்கேதான் முறியும். ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியின் துளிர் இருந்தால் கிள்ளிவிடுங்கள். பையைத் தூக்கும்போது அடியில் 'படக்' என்று சத்தம் வந்தால் ஆணிவேர் தரைக்குள் இறங்கி, இப்போது அறுந்திருக்கிறது. அந்தக் கன்றை அன்றைக்கே வண்டியில் ஏற்றாமல் நிழலில் வைத்து, புதுத் தளிர் வந்து முற்றும் வரை பொறுங்கள். தாளில் அதற்குத் தனி வரி போட்டு, அந்த நாளையே 'பை மாற்றிய தேதி'யாகப் பதிந்துவிட்டால் தனிக் குறிப்பு வேண்டாம், சூத்திரமே இரண்டு மாதம் நிறுத்தி வைக்கும்.